சங்கப் பாடலை வரலாற்றுச் சான்றாக மதிப்பிடுவது எப்படி? ஒரு தேர்வுக் கேள்வியை வைத்து முழுமையான வழிகாட்டி

2013 குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் பொது அறிவுத் தாளில் இப்படி ஒரு கேள்வி வந்தது: தென்னிந்தியாவின் தொடர்ச்சியான அரசியல் வரலாற்றை அறிய அவ்வளவாகப் பயன்படாவிட்டாலும், சங்க இலக்கியம் தன் காலத்துச் சமூக, பொருளாதார நிலைகளை வியக்கத்தக்க தெளிவோடு காட்டுகிறது, கருத்துரைக்க.

இதைப் பார்த்ததும் பெரும்பாலோர் எழுதத் தொடங்குவது எட்டுத்தொகை, பத்துப்பாட்டுப் பட்டியலை. பிறகு ஐந்திணை, மூவேந்தர், யவனர் வணிகம் என்று தெரிந்ததையெல்லாம் இறக்கிவைக்கிறார்கள். கேள்வி கேட்டது அதை அல்ல. சங்கப் பாடலில் என்ன இருக்கிறது என்பது தேர்வருக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, அதில் எதை நம்பலாம், எந்த அளவுக்கு, ஏன் என்று கேட்கிறது. அந்த மதிப்பீட்டைச் செய்யும் முறையை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். சான்றுகள் சிலதான் எடுத்திருக்கிறேன். 150 சொல் விடையில் நான்கு சான்றுக்கு மேல் இடம் இருக்காது.

படி 1: கேள்வியை இரண்டாக வெட்டுங்கள்

இந்தக் கேள்விக்குள் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. ஒன்று, அரசியல் வரலாற்றுக்குச் சங்க இலக்கியம் அதிகம் உதவாது. மற்றொன்று, சமூக, பொருளாதார நிலைகளைத் தெளிவாகக் காட்டுகிறது. இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். இரண்டையும் அப்படியே ஒப்புக்கொள்வதும் இரண்டையும் அடியோடு மறுப்பதும் பலவீனமான விடைகள். முதல் கூற்றில் 'தொடர்ச்சியான' என்ற சொல்லும், இரண்டாவதில் 'தெளிவோடு' என்ற சொல்லும்தான் முக்கியம். தனித்தனி நிகழ்ச்சிகளைப் பாடல்கள் சொல்கின்றன. அவற்றைக் கோத்து ஆண்டு வரிசையாக்க முடியவில்லை. அதுபோல, தெளிவாகத் தெரியும் எல்லாமும் நடந்ததாகிவிடாது. விடையின் முதுகெலும்பு இந்த இரண்டு சொற்களில் இருக்கிறது.

படி 2: பாடலையும் பாடலைச் சுற்றியுள்ளதையும் பிரியுங்கள்

மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான். 'சங்க இலக்கியம் சொல்கிறது' என்று நாம் எழுதும் பலவற்றைச் சங்கப் பாடல் சொல்வதே இல்லை. நம் கைக்கு வந்திருப்பது மூன்று அடுக்கு.

முதல் அடுக்கு பாடல் வரிகள். இரண்டாவது, பாடலுக்கு அடியில் இருக்கும் திணை, துறைக் குறிப்பும் 'இன்னாரை இன்னார் பாடியது' என்ற கொளுவும், பதிற்றுப்பத்தின் பதிகங்களும். இவை பாடல்களைத் தொகுத்தவர்களோ அவர்களுக்குப் பின் வந்தவர்களோ சேர்த்தவை. மூன்றாவது, பிற்காலக் காப்பியங்களும் உரைகளும் செப்பேடுகளும் சொல்லும் கதைகள்.

கரிகாலனை எடுத்துக்கொள்ளுங்கள். காவிரிக்குக் கரை கட்டியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அது 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இமயம் வரை சென்றது சிலப்பதிகாரச் செய்தி. பட்டினப்பாலைக்குப் பதினாறு நூறாயிரம் பொன் கொடுத்தது கலிங்கத்துப்பரணி சொல்வது. பட்டினப்பாலையே சொல்வதோ 'காடுகொன்று நாடாக்கிக் குளந்தொட்டு வளம்பெருக்கி' என்பதை. காடு திருத்தினான், குளம் வெட்டினான். கல்லணை அந்தப் பாட்டில் இல்லை. விடையில் 'கரிகாலன் கல்லணை கட்டியதைச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன' என்று ஒரு வரி எழுதிவிட்டால், விஷயம் தெரிந்த மதிப்பீட்டாளர் அதற்குமேல் வரும் எல்லாவற்றையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

முச்சங்கக் கதையும் மூன்றாம் அடுக்குதான். பல ஆயிரம் ஆண்டுக் கணக்கு இறையனார் அகப்பொருள் உரையில் வருகிறது. எட்டுத்தொகைப் பாடல்களில் அதற்கு இடமில்லை. அதேபோல், சேர மன்னர்கள் ஆண்ட ஆண்டுகளைக் (58, 25, 55 என்று) கூட்டிக் காலவரிசை போடுவார்கள். அந்த எண்கள் பதிற்றுப்பத்தின் பதிகத்தில் உள்ளவை, பாட்டில் உள்ளவை அல்ல. பதிகத்தை ஒதுக்க வேண்டியதில்லை. 'பதிகம் கூறுவது' என்று சொல்லிப் பயன்படுத்தினால் போதும்.

படி 3: ஒரே நிகழ்ச்சியைப் பல பாடல்களில் தேடுங்கள்: வெண்ணிப் போர்

அரசியல் வரலாற்றுப் பகுதிக்கு நான் எப்போதும் பரிந்துரைக்கும் எடுத்துக்காட்டு வெண்ணிப் போர். நீடாமங்கலத்துக்கு அருகிலுள்ள கோவில்வெண்ணிதான் அந்த இடம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். இதைப் பற்றி ஐந்து பாடல்கள் பேசுகின்றன. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் மதிப்பீடு என்றால் என்ன என்று புரிந்துவிடும்.

புறநானூறு 66, வெண்ணிக் குயத்தியார் பாடியது. கரிகால் வளவனை நேரே விளித்து, வென்றது நீதான், ஆனால் வெண்ணிப் பறந்தலையில் 'புறப்புண் நாணி வடக்கிருந்தோன்' உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்கிறது. தோற்றவன் பெயர் பாட்டில் இல்லை.

புறநானூறு 65, கழாத்தலையார் பாடியது. முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி ஒரு மன்னன் வாளோடு வடக்கிருந்ததைச் சொல்கிறது. இதில் கரிகாலன் பெயரும் இல்லை, வெண்ணியும் இல்லை, சேரன் பெயரும் இல்லை. அடியில் உள்ள கொளுதான் சேரமான் பெருஞ்சேரலாதனையும் கரிகாலனையும் சொல்கிறது.

அகநானூறு 55, மாமூலனார் பாடியது. மகள் உடன்போக்கில் போனபின் தாய் புலம்பும் பாட்டு. அதில் உவமையாக, கரிகால் வளவனோடு வெண்ணிப் பறந்தலையில் பொருது, புண் நாணி, சேரலாதன் வடக்கிருந்த செய்தி வருகிறது. இரண்டு பெயரும் இடமும் பாட்டு வரியிலேயே இருக்கின்றன.

பொருநராற்றுப்படையில் கரிகாலன் வெண்ணியில் வென்றது ஒரு வேந்தனை அல்ல, இரண்டு பெருவேந்தரை. பனந்தோடும் வேப்பந்தாரும் சொல்லப்படுவதால் சேரனும் பாண்டியனும் என்று தெரிகிறது. அகநானூறு 246-இல் பரணர் இன்னும் மேலே போகிறார்: பதினொரு வேளிரோடு வேந்தரும் சாய்ந்தார்கள்.

இப்போது மதிப்பிடுவோம். வெண்ணியில் கரிகாலன் ஒரு சேரனை வென்றான், அந்தச் சேரன் வடக்கிருந்தான் என்பது பாடல்கள் சேர்ந்து நிற்கும் கரு. வெவ்வேறு புலவர்கள், வெவ்வேறு நோக்கத்தோடு, ஒருவர் புறத்திலும் ஒருவர் அகத்திலுமாகப் பாடியிருக்கிறார்கள். அதிலும் 66-ஆம் பாட்டுக்குத் தனி எடை உண்டு. வென்ற மன்னனின் முகத்துக்கு நேரே தோற்றவனை உயர்த்துவது புகழ்பாடிப் பரிசு பெறுபவரின் நலனுக்கு எதிரானது. சொல்பவருக்கு இலாபமில்லாத செய்தி நம்பத்தக்கது என்பது சான்று மதிப்பீட்டின் பழைய விதி.

எதிரிகளின் எண்ணிக்கைதான் ஆடுகிறது. ஒரு சேரன், இரு வேந்தர், வேந்தரோடு பதினொரு வேளிர். ஏன் ஏறுகிறது? பொருநராற்றுப்படை கரிகாலனிடம் பரிசுக்கு வழிகாட்டும் பாட்டு. அவன் வெற்றி பெரிதாக இருக்க வேண்டும். பரணர் பாட்டை இன்னும் கவனமாகப் பாருங்கள். அது அகப்பாட்டு. ஊரார் பேசும் அலர், வெண்ணி வெற்றியன்று அழுந்தூரில் எழுந்த ஆரவாரத்தைவிடப் பெரிது என்று சொல்ல வருகிறது. ஆரவாரம் பெரிதாக இருந்தால்தான் உவமை நிற்கும். அகப்பாட்டின் உவமையில் தற்செயலாக வரும் செய்தி எப்போதும் நடுநிலையானது என்று சில குறிப்பேடுகளில் எழுதியிருக்கும். அந்த விதியை அப்படியே நம்பக் கூடாது. உவமை எதற்காக வந்தது என்று பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

அடுத்து, இந்த ஐந்து பாடலும் சொல்லாதது என்ன? போர் எந்த ஆண்டு நடந்தது, ஏன் நடந்தது, அதன் பின் எந்த நிலம் யார் கைக்குப் போனது என்பவை. கரிகாலனுக்கு முன்னும் பின்னும் ஆண்ட சோழர்களை ஐயமின்றி வரிசையாக அடுக்கவும் பாடல்கள் உதவவில்லை. கேள்வியின் 'தொடர்ச்சியான' என்ற சொல் இங்கே பொருந்துகிறது. நிகழ்ச்சி கிடைக்கிறது, வரிசை கிடைக்கவில்லை.

படி 4: பாட்டுக்கு வெளியே ஒரு சாட்சி

பாடல்கள் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவது ஓரளவுக்குத்தான் உதவும். எல்லாம் ஒரே பாணர், புலவர் மரபுக்குள்ளிருந்து வருகின்றன. ஒரே கதையைப் பலர் கேட்டுப் பாடியிருக்கலாம். அதனால் கல்லிலோ மண்ணிலோ அயலார் எழுத்திலோ ஒரு சாட்சி வேண்டும்.

கரூர் அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. செங்காயபன் என்ற சமணத் துறவிக்காகப் படுக்கை வெட்டிக் கொடுத்ததைச் சொல்லும்போது ஒரு சேரத் தலைமுறையைத் தருகிறது: ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. பதிற்றுப்பத்தின் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகளின் தலைவர்கள் செல்வக்கடுங்கோ வாழியாதன், பெருஞ்சேரல் இரும்பொறை, இளஞ்சேரல் இரும்பொறை. பெயர்களின் ஒற்றுமை தெளிவு. இரும்பொறை மரபினர் கரூர்ப் பக்கம் ஆண்டது கற்பனை இல்லை என்று இதை வைத்துத் துணிந்து எழுதலாம்.

ஆனால் 'முழுமையாக ஒத்துப்போகிறது' என்று எழுதிவிடாதீர்கள். இளஞ்சேரலின் தந்தை குட்டுவன் இரும்பொறை என்கிறது ஒன்பதாம் பதிகம். கல்வெட்டில் இளங்கடுங்கோவின் தந்தை பெருங்கடுங்கோன். இருவரும் ஒருவரே என்று வாதிடலாம், பதிகம் பிழைபட்டது என்றும் வாதிடலாம். எப்படியானாலும் முரண் எழுவது பதிகத்தோடுதான், பாட்டோடு அல்ல. படி 2-இல் செய்த பிரிப்பு இங்கே கைகொடுக்கிறது.

இதற்கு மாற்றாக ஜம்பைக் கல்வெட்டையும் எடுக்கலாம். 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' என்ற ஒரே வரி, ஔவையார் பாடிய அதியமானின் பெயரையும் அசோகர் கல்வெட்டு சொல்லும் சத்தியபுத்திரர் பெயரையும் இணைக்கிறது. ஒரு விடைக்கு இரண்டில் ஒன்று போதும்.

படி 5: 'தெளிவு' எவ்வளவு தெளிவு?

பொருளாதாரத்துக்கு எல்லாரும் எழுதும் வரி அகநானூறு 149: யவனர் கலம் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும் வளங்கெழு முசிறி'. பொன் வந்தது, மிளகு போனது. எழுதுங்கள், ஆனால் அதன் சாட்சிகளோடு எழுதுங்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் கிரேக்கக் கடற்குறிப்பு முசிறியையும் மிளகையும் சொல்கிறது. இந்தியாவுக்குப் பணம் போவதைப் பிளினி குறைசொல்கிறார். முசிறிப் பயணத்தைக் குறிக்கும் கடன் ஒப்பந்தம் ஒன்று இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸில் கிடைத்து, இப்போது வியன்னாவில் இருக்கிறது. மூன்று மூலமும் தமிழ்ப் புலவரை அறியாதவை. சங்கப் பாடலின் ஒரு கூற்றுக்கு இவ்வளவு உறுதி வேறெங்கும் கிடைப்பது அரிது.

அந்தப் பாட்டை அடுத்த வரிக்கும் படியுங்கள். செழியன் முசிறியை வளைத்துப் போரிட்டுப் படிமத்தைக் கவர்ந்தான் என்று தொடர்கிறது. அதே பாட்டு, அதே புலவர். வணிகச் செய்திக்கு மூன்று வெளிச்சாட்சி, முற்றுகைச் செய்திக்கு ஒன்றும் இல்லை. ஒரு பாட்டை மொத்தமாக நம்புவது, மொத்தமாக விலக்குவது என்பது கிடையாது. கூற்று கூற்றாகத்தான் எடைபோட வேண்டும். இதை விடையில் காட்டினால் மற்ற விடைகளிலிருந்து உங்களுடையது தனித்துத் தெரியும். எத்தனை கப்பல், எவ்வளவு சுங்கம், இலாபம் யாருக்கு என்று இந்தப் பாட்டு சொல்வதில்லை என்பதையும் அரை வரியில் சேர்க்கலாம்.

சமூக நிலைக்கு வரும்போதுதான் கேள்வியின் 'தெளிவோடு' என்ற சொல்லைக் கொஞ்சம் எதிர்க்க வேண்டும். அகப்பாடல்கள் இலக்கண மரபுக்குள் இயங்குபவை. குறிஞ்சி என்றால் தினைப்புனமும் கிளி ஓட்டும் பெண்ணும் வந்தாக வேண்டும்; மருதம் என்றால் பரத்தையும் ஊடலும். இதை வைத்து 'மருத நிலத்து ஆண்கள் அனைவரும் பரத்தையரை நாடினர்' என்று எழுதுவது மரபை நடப்பாகக் கொள்வது. புறத்திலும் மரபு உண்டு. பரிசில் கேட்கும் புலவர் தம் வறுமையை அடுக்குவது அந்தத் துறையின் இயல்பு. சமைக்க மறந்த அடுப்பில் காளான் பூத்திருப்பதாகப் பெருந்தலைச் சாத்தனார் சொல்வது (புறம் 164) உள்ளத்தை உலுக்கும்; ஆனால் அதை ஊரெங்கும் பஞ்சம் என்பதற்குச் சான்றாக்க முடியாது.

வாதத்துக்குத் தேவையில்லாமல் வந்துவிழும் விவரம் அதிக மதிப்புள்ளது. பூதப்பாண்டியன் இறந்தபின் அவன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயப் போகும்போது தடுக்கும் சான்றோரிடம் பேசுவது புறநானூறு 246. கைம்பெண் வாழ்க்கை வேண்டாம் என்பதற்காக அதை விவரிக்கிறார்: நெய் படாத பிழிந்த சோறு, எள் துவையலோடு புளி சேர்த்து வேகவைத்த வேளைக் கீரை, பரற்கல் மேல் பாயில்லாப் படுக்கை. அந்த வாழ்க்கையின் கொடுமையை அவர் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் கேட்பவர்களுக்குத் தெரிந்த நடைமுறையாக இருந்தால்தான் இந்தப் பேச்சு எடுபடும். எனவே கைம்மை நோன்பு அன்று அறியப்பட்ட வழக்கம் என்று கொள்ளலாம். அரச குடிக்கு அப்பால் எத்தனை பேர் அதைக் கடைப்பிடித்தார்கள் என்று கொள்ள முடியாது.

காலத்தைப் பற்றி ஒரே வாக்கியம் போதும். பாடல்கள் இயற்றப்பட்ட காலம் ஒன்று, தொகுக்கப்பட்ட காலம் பின்னால் என்பதும், பெரும்பான்மை அறிஞர் கிறித்துவ ஆண்டுத் தொடக்கத்தை ஒட்டிய சில நூற்றாண்டுகளை ஏற்கிறார்கள் என்பதும். மிகப் பிற்காலத்துக்குத் தள்ளும் டீக்கன் போன்றோர் கருத்தை 250 சொல் விடையில் ஒரு தொடரில் சொல்லலாம். 150 சொல்லில் அதற்கு இடமில்லை.

படி 6: எழுதுங்கள்

மேலே பார்த்ததையெல்லாம் சுருக்கினால் விடை இப்படி வரும்:

"சங்கப் பாடல்கள் தனி நிகழ்ச்சிகளைச் சொல்கின்றன, ஆண்டுத் தொடரைச் சொல்வதில்லை. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றதும் தோற்றவன் வடக்கிருந்ததும் புறம் 66, அகம் 55 ஆகியவற்றில் ஒத்துவருகின்றன. ஆனால் எதிரிகளின் தொகை பாட்டுக்குப் பாட்டு மாறுகிறது. காலமும் காரணமும் இல்லை. ஆட்சியாண்டுகள் பிற்காலப் பதிகங்களில் உள்ளவை. எனினும் அரசியல் பயன் இல்லை என்று கூற முடியாது: புகளூர்க் கல்வெட்டின் சேரத் தலைமுறை பதிற்றுப்பத்து மன்னர் பெயர்களோடு பெரும்பாலும் பொருந்துகிறது.

பொருளாதாரச் செய்திகள் வலுவானவை. முசிறியில் பொன்னுக்கு மிளகு என்ற அகம் 149-இன் கூற்றைப் பெரிப்ளூஸும் பாப்பிரஸ் ஒப்பந்தமும் உறுதிசெய்கின்றன. அளவுகள் மட்டும் தெரியவில்லை. சமூகச் செய்திகளில் திணை மரபையும் நடப்பையும் பிரிக்க வேண்டும். புறம் 246-இன் கைம்மை நோன்பு போன்ற விவரங்கள் நம்பத்தக்கவை, ஆனால் மேல்குடியைச் சார்ந்தவை. உழைப்போர் குரல் நேரடியாகக் கேட்பது அரிது.

எனவே கூற்றின் முதற்பகுதி பெரிதும் சரி. இரண்டாம் பகுதி, வெளிச்சான்று உள்ள இடங்களில் முழுமையாகவும் மற்ற இடங்களில் வரம்போடும் பொருந்தும்."

முதல் இரண்டு பத்திகளிலும் சான்று, அதன் வலிமை, அதன் எல்லை மூன்றும் இருப்பதைக் கவனியுங்கள். பாட்டு எண் நினைவில் உறுதியாக இல்லாவிட்டால் நூற்பெயரும் புலவர் பெயரும் எழுதுங்கள். தவறான எண் எழுதுவதைவிட அது மேல். மேற்கோள் வரி நான்கைந்து சொல்லுக்கு மேல் போக வேண்டாம்.

கேள்வி வேறு மாதிரியும் வரும். 'சங்க காலப் பொருளாதாரத்தை அறிய உதவும் சான்றுகளை மதிப்பிடுக' என்றால் படி 5-ஐ முன்னுக்குக் கொண்டுவந்து, கேரளத்தில் பட்டணம் என்ற ஊரில் நடந்த அகழாய்வையும் கோவைப் பகுதியில் கிடைத்த ரோமானிய நாணயங்களையும் சேருங்கள், வெண்ணியை விட்டுவிடலாம். 'கரிகாலனின் சாதனைகளை மதிப்பிடுக' என்று வந்தால் படி 2-தான் விடையின் முக்கால் பங்கு. ஒவ்வொரு சாதனைக்கும் அதை முதலில் சொல்லும் நூல் எது, அது எந்த நூற்றாண்டு என்று எழுதிவிட்டு, வெண்ணி வெற்றியிலும் காடு திருத்தியதிலும் விடையை ஊன்றுங்கள்.